பிடித்த அபராதத்தைத் திரும்பக் கேட்கும் கடிதம்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் விழுந்தது. அந்த மாதமே பல ஊர்களிலிருந்தும் ஒரே மாதிரிப் புகார் வரத் தொடங்கியது. பணம் வந்ததாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, எடுக்கப் போனால் தொகை குறைவாக இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான பழைய அபராதத்தை வங்கிகள் அந்த ஆயிரத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தன. அப்போது நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு இதில் தலையிட்டார். உரிமைத்தொகையை எந்தக் கட்டணத்துக்கும் வங்கிகள் நேர்செய்யக் கூடாது, அப்படிப் பிடித்தால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்று அவர் அறிக்கை விட்டார்.

அந்த அறிக்கையால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் ஒரு தனிக் கணக்கில் எவ்வளவு தவறாகப் பிடித்தார்கள், எவ்வளவு சரியாகப் பிடித்தார்கள் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. அதைக் கணக்குக்குச் சொந்தக்காரர்தான் எழுதிக் காட்ட வேண்டும். "என் பணத்தைப் பிடிச்சிட்டீங்க" என்று கவுன்டரில் நின்று சொன்னால், "சிஸ்டம் எடுத்ததும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்ற பதிலோடு முடிந்துவிடும். தேதி, விதி, கூட்டல் கழித்தல் மூன்றும் உள்ள ஒரு கடிதத்துக்கு அப்படி வாய்வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தை எப்படித் தயாரிப்பது என்று ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

விருதுநகர் மாவட்டச் சூலக்கரையிலிருந்து காலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்குத் திரி வைக்கும் வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வேலை பார்த்த ஆலையில் வாரக் கூலியை வங்கியில் போட்டார்கள். அதற்காக ஒரு தனியார் வங்கியில் சம்பளக் கணக்கு திறந்து கொடுத்தார்கள். சம்பளக் கணக்கு என்பதால் இருப்பே இல்லாவிட்டாலும் கேள்வி இல்லை. 2024 அக்டோபர் 31 தீபாவளி. போனஸும் கடைசிக் கூலியும் வந்தன. தீபாவளி முடிந்தால் இந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை சுருங்குவது வழக்கம்தான். பல வருடங்களில் சில வாரங்களோடு போகும், 2018 தீபாவளிக்குப் பிறகு நேர்ந்தது போல மாதக்கணக்கிலும் மூடிக் கிடந்திருக்கிறது. இவர் வேறு ஆலைக்கு மாறினார். அங்கே கூலியைக் கையில் கொடுத்தார்கள்.

இங்கேதான் யாரும் கவனிக்காத ஒன்று நடக்கிறது. சம்பளக் கணக்கில் தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வரவில்லையென்றால் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுவதாகப் பெரும்பாலான வங்கிகள் தம் நிபந்தனையில் எழுதிவைத்திருக்கின்றன. மாறிய அன்று முதல் குறைந்தபட்ச இருப்பு விதி அந்தக் கணக்குக்கும் வந்துவிடும். இந்தப் பெண்ணின் கணக்கு 2025 பிப்ரவரி 1 முதல் சாதாரணக் கணக்கு. அதில் மாதச் சராசரியாக 5,000 ரூபாய் இருக்க வேண்டும். குறைந்தால், குறையும் தொகையில் 6 சதவீதம் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆதார் எண் இந்தக் கணக்கோடு இணைந்திருந்ததால் உரிமைத்தொகையும் மாதம் 15ஆம் தேதி இதிலேயே வந்துகொண்டிருந்தது.

பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தபோது கண்ணில் பட்டவை இவை. மார்ச் 6 அன்று 208 ரூபாய் பற்று. மார்ச் 15 அன்று 1,000 வரவு, அன்றே 146 பற்று. ஏப்ரல் 6 அன்று 354 பற்று. ஜூலை 6 அன்று 354 பற்று. நான்கு பற்றுகள் என்பதால் நான்கு அபராதம் என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. மார்ச் 6 அன்று கணக்கில் இருந்ததே 208 ரூபாய்தான். அதைத் துடைத்து எடுத்துவிட்டு, மீதி 146 ரூபாயைப் பாக்கியாகக் குறித்துவைத்து, உரிமைத்தொகை வந்ததும் எடுத்திருக்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் 354. ஆக மூன்று அபராதங்கள், ஒவ்வொன்றும் 354, மொத்தம் 1,062 ரூபாய். 354 என்பது 300 ரூபாய் கட்டணமும் 54 ரூபாய் வரியும். இந்தப் பிரிப்பைத் தெரிந்துகொள்ளாமல் கடிதம் எழுதத் தொடங்கக் கூடாது. தவறான எண்ணிக்கையோடு போகும் கடிதத்தை முதல் வரியிலேயே மறுத்து அனுப்பிவிடுவார்கள்.

மூன்று முறையும் ஒரே தொகை என்பதே முதல் துப்பு. 5,000 ரூபாயில் 6 சதவீதம் 300. அதாவது மாதம் முழுவதும் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லாதவரிடம் எடுக்க வேண்டிய உச்சத் தொகையை ஒவ்வொரு முறையும் எடுத்திருக்கிறார்கள். சில வங்கிகளில் சதவீதத்துக்குப் பதில் படிப்படியான தொகை இருக்கும். அங்கே இரண்டு மாதம் ஒரே தொகை வந்தால் அது தவறாக இருக்க வேண்டியதில்லை. அதனால் முதலில் கிளையின் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். வங்கியின் இணையதளத்திலும் அது இருக்கும். நம் கிளை கிராமக் கிளையா, சிறு நகரக் கிளையா என்பதைப் பொறுத்து இருக்க வேண்டிய இருப்பும் மாறும் என்பதால் அந்த வரியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது விதி. ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சுற்றறிக்கை ஒன்று இந்த அபராதத்துக்கு வரம்பு கட்டுகிறது. அதில் நமக்கு வேண்டியவை மூன்று. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும்; சொன்ன நாளிலிருந்து ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுத்து, அதற்குள் இருப்பை நிரப்பாவிட்டால்தான் அபராதம். இரண்டாவது, அபராதம் குறைந்த தொகைக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தவருக்கும் ஐயாயிரம் குறைந்தவருக்கும் ஒரே தொகை கூடாது. மூன்றாவது, இந்த அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது.

நம் மாதிரிக் கணக்கில் பிப்ரவரி இருப்பு குறைந்ததாகக் குறுஞ்செய்தி வந்த நாள் மார்ச் 6. அதே நாளில் அபராதமும் எடுத்தாகிவிட்டது. அறிவிப்பும் தண்டனையும் ஒரே நாளில் வந்தால் அவகாசம் எங்கே? அந்தப் பெண் ஏப்ரல் 2 அன்று சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கி 5,500 ரூபாய் போட்டார். இருப்பு 5,554 ஆனது. ஏப்ரல் 6 வரை இருந்த அவகாசத்துக்குள் நிரப்பிவிட்டதால் பிப்ரவரி அபராதம் முழுவதும் தவறு. நிரப்பி நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்று மார்ச் மாதத்துக்கென்று எடுத்ததும் முழுவதும் தவறு. இரண்டும் சேர்ந்து 708 ரூபாய்.

மூன்றாவது அபராதம் ஜூன் மாதத்துக்கானது. இதில் நிலைமை வேறு. ஜூனில் பள்ளி திறந்த செலவுக்குப் பணம் எடுத்தார், சராசரி 5,000க்குக் கீழே போனது உண்மை, பிறகு அவர் நிரப்பவும் இல்லை. ஜூலை 8 அன்று கணக்கையே குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொண்டார். ஆகவே ஜூன் கட்டணத்தை ஒரேயடியாக மறுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நம் பக்கம் தவறு இருக்கும் இடத்தில் அதை ஒப்புக்கொண்டு, சரியான தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தால், மற்ற இரண்டையும் வங்கி மறுப்பது கடினமாகிவிடும்.

சரியான தொகைக்கு மாதச் சராசரி இருப்பு தெரிய வேண்டும். ஒவ்வொரு நாளும் வங்கி நாள் முடியும்போது கணக்கில் இருந்த தொகையை, ஞாயிறு, விடுமுறை உட்பட மாதத்தின் எல்லா நாளுக்கும் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பாஸ்புக்கில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே பதிவு இல்லாத நாட்களில் முந்தைய வரியின் இருப்பே நாள்தோறும் தொடர்கிறது. ஜூன் 1 முதல் 4 வரை இருப்பு 7,200. 5ஆம் தேதி 4,000 எடுத்தார்; 5 முதல் 14 வரை 3,200. 15ஆம் தேதி உரிமைத்தொகை; 15 முதல் 24 வரை 4,200. 25ஆம் தேதி 1,000 எடுத்தார். 25 முதல் 30 வரை 3,200.

7,200ஐ 4 நாளால் பெருக்கினால் 28,800. 3,200ஐ 10 நாளால் பெருக்கினால் 32,000. 4,200ஐ 10 நாளால் பெருக்கினால் 42,000. 3,200ஐ 6 நாளால் பெருக்கினால் 19,200. கூட்டினால் 1,22,000. 30ஆல் வகுத்தால் சராசரி 4,066.67. பலர் பாஸ்புக்கில் தெரியும் நான்கு இருப்புகளையும் கூட்டி நான்கால் வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 4,450 வரும். அது சராசரி அல்ல. எந்த இருப்பு எத்தனை நாள் இருந்தது என்பதே அதில் இல்லை. இந்த ஒரு பிழையால் மொத்தக் கடிதமும் நம்பகம் இழந்துவிடும்.

5,000லிருந்து 4,066.67ஐக் கழித்தால் குறைவு 933.33. அதில் 6 சதவீதம் 56 ரூபாய். வரி 10.08. ஆக 66.08 வர வேண்டிய இடத்தில் 354 எடுத்திருக்கிறார்கள்.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் தவறாக எடுத்த 708 ரூபாய் கணக்கிலேயே இருந்திருந்தால், ஜூன் மாதம் ஒவ்வொரு நாளும் இருப்பு 708 ரூபாய் கூடுதலாக இருந்திருக்கும். சராசரியும் அதே அளவு கூடி 4,774.67 ஆகியிருக்கும். குறைவு 225.33தான். 6 சதவீதம் 13.52, வரி 2.43, மொத்தம் 15.95. முதல் தவறு இரண்டாவது தவறைப் பெரிதாக்கியிருக்கிறது. அபராதம் இருப்பைக் குறைக்கிறது, குறைந்த இருப்பு அடுத்த அபராதத்தைக் கூட்டுகிறது. கையில் காசு குறைவாக இருப்பவர்களின் கணக்கு மாதக்கணக்கில் தேறாமல் போவதற்கு இது ஒரு காரணம். வங்கி இதை ஏற்காமல் 66.08 என்றே வாதிடலாம். அப்போதும் வித்தியாசம் ஐம்பது ரூபாய்தான். மற்றதெல்லாம் கடிதத்தில் சொன்னபடியே நிற்கும்.

இனி கடிதம். எதிர்த்தரப்பைத் திட்டும் வார்த்தை ஒன்றும் வேண்டாம். கருணை கேட்கும் வார்த்தையும் வேண்டாம். "ஏழைத் தொழிலாளி, தயவுசெய்து இரக்கம் காட்டுங்கள்" என்று எழுதினால், வங்கி அதைச் சலுகை மனுவாக எடுத்துக்கொண்டு ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளும். நாம் கேட்பது சலுகை இல்லை.

அனுப்புநர்: (பெயர், முழு முகவரி, கைபேசி எண்)
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை)
நாள்: 11.08.2025

பொருள்: சேமிப்புக் கணக்கில் தவறாகப் பிடித்த குறைந்தபட்ச இருப்பு அபராதம் ₹1,046.05ஐத் திரும்ப வரவு வைக்கக் கோருதல். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம்: ……

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மேற்கண்ட கணக்கில் 2025 மார்ச் முதல் ஜூலை வரை குறைந்தபட்ச இருப்பு அபராதமாக மூன்று முறை, தலா ₹354 (கட்டணம் ₹300, ஜி.எஸ்.டி. ₹54), மொத்தம் ₹1,062 பிடிக்கப்பட்டுள்ளது. பாஸ்புக் நகல் இணைத்துள்ளேன்.

1. பிப்ரவரி மாதத்துக்காக 06.03.2025 அன்று ₹208, 15.03.2025 அன்று ₹146, ஆக ₹354. இருப்பு குறைந்ததாக எனக்குக் குறுஞ்செய்தி வந்ததும் 06.03.2025 அன்றுதான். ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைப்படி எனக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. நான் 02.04.2025 அன்று ₹5,500 செலுத்தி இருப்பை ₹5,554 ஆக்கிவிட்டேன். எனவே இந்த ₹354 முழுவதும் திரும்ப வர வேண்டும்.

2. மார்ச் மாதத்துக்காக 06.04.2025 அன்று ₹354. அதற்கு முன்பே இருப்பு நிரப்பப்பட்டுவிட்டது. இதுவும் முழுவதும் திரும்ப வர வேண்டும்.

3. ஜூன் மாதத்துக்காக 06.07.2025 அன்று ₹354. அந்த மாதம் என் சராசரி இருப்பு குறைந்ததை மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் குறைவுத் தொகைக்கு ஏற்றதாக இல்லை. பாஸ்புக்கின்படி ஜூன் மாத நாள் முடிவு இருப்புகளின் கூட்டுத்தொகை ₹1,22,000. 30 நாளுக்குச் சராசரி ₹4,066.67. மேலே 1, 2இல் தவறாகப் பிடித்த ₹708 கணக்கில் இருந்திருந்தால் சராசரி ₹4,774.67. குறைவு ₹225.33. தங்கள் கட்டணப் பட்டியலின்படி 6 சதவீதம் ₹13.52, ஜி.எஸ்.டி. ₹2.43, மொத்தம் ₹15.95. கூடுதலாகப் பிடித்தது ₹338.05. நாள்வாரிக் கணக்கைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

திரும்ப வர வேண்டியது: ₹354 + ₹354 + ₹338.05 = ₹1,046.05. இதில் கட்டணம் ₹886.48, ஜி.எஸ்.டி. ₹159.57.

இத்தொகையை என் கணக்கில் வரவு வைத்து எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்க இயலாத பகுதி இருந்தால், தாங்கள் கணக்கிட்ட மாதச் சராசரி, அறிவிப்பு அனுப்பிய தேதி, அனுப்பிய கைபேசி எண் ஆகியவற்றுடன் காரணத்தைத் தெரிவிக்கவும். 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிட உள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பாஸ்புக் நகல், 06.03.2025 குறுஞ்செய்தியின் படம், ஜூன் நாள்வாரிக் கணக்கு, கட்டணப் பட்டியல் நகல்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் "அனுப்பிய கைபேசி எண்" என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. கணக்கு திறக்கும்போது மேஸ்திரியின் எண்ணையோ வீட்டில் வேறொருவரின் எண்ணையோ கொடுத்தவர்கள் நிறையப் பேர். பிறகு எண்ணை மாற்றி, வங்கியிலும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். வங்கி பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அப்படியானால் அறிவிப்பே வரவில்லை என்ற வாதம் வலுவாக நிற்கும். எண் மாறியதை நாமே சொல்லாமல் இருந்துவிட்டால் அந்த வாதம் நிற்காது. அந்த நிலையில் அறிவிப்பை விட்டுவிட்டு, விகிதக் கணக்கை மட்டும் எழுதுவது நல்லது.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் தயங்காமல் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முப்பது நாள் எண்ணத் தொடங்குவதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம். அதே கடிதத்தை வங்கியின் குறைதீர் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் புகார் எண் ஒன்று கிடைக்கும்.

வங்கியிடமிருந்து வரும் பதில்களில் ஒன்று அடிக்கடி வரும்: "நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகையைத் திருப்புகிறோம்." வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற வாசகத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. மீதித் தொகையைக் குறிப்பிட்டு இரண்டு வரி பதில் எழுதிவிட வேண்டும். இன்னொரு பதில், "இப்போது எங்கள் வங்கியில் குறைந்தபட்ச இருப்பு அபராதமே இல்லை." பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே இதை நீக்கியது. கனரா வங்கி 2025 ஜூனிலும், பஞ்சாப் நேஷனல் வங்கியும் இந்தியன் வங்கியும் 2025 ஜூலையிலும் நீக்கின. நல்ல முடிவுகள்தான். ஆனால் நீக்கிய தேதிக்கு முன்பு பிடித்தது சரியா தவறா என்பதை அன்றைய விதியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த அபராதமாக ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக 2024இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. தனியார் வங்கிகளின் வசூல் அதில் இல்லை.

எல்லாக் கணக்குக்கும் இவ்வளவு கணக்குப் போட வேண்டியதும் இல்லை. ஜன்தன் கணக்கு, வேறு அடிப்படை சேமிப்புக் கணக்கு என்றால் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே கிடையாது. பிடித்தது முழுவதும் தவறு, கடிதம் நான்கு வரியில் முடிந்துவிடும். இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாமல் செயலற்றது என்று வகைப்படுத்திய கணக்கிலும், 2024 ஏப்ரல் 1 முதல் இந்த அபராதத்தை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கடன் தவணை தவறியதற்கான அபராதம் வேறு வகை. அதற்கு வேறு விதிகள், இந்தக் கடிதம் அதற்குப் பொருந்தாது. மாதத் தவணைக்கான காசோலையோ ஆணையோ திரும்பியதற்குப் பிடிக்கும் கட்டணமும் பாஸ்புக்கில் பார்ப்பதற்கு இதைப் போலவே இருக்கும். பதிவில் `MAB` அல்லது `AMB` என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள். புரியாவிட்டால் எந்தப் பிடித்தம் எதற்கு என்று கிளையிலேயே எழுதித் தரச் சொல்லலாம்.

முப்பது நாள் கழிந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தில் எந்த வங்கியானாலும் ஒரே வாசல். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. cms.rbi.org.in என்ற தளத்தில் பதியலாம். தகவலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. தபாலில் அனுப்புவோர் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே எந்த மொழியிலும் புகாரைப் பெற்றுக்கொள்கிறார்கள், தமிழில் எழுதினால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: முதலில் வங்கிக்கு எழுதி, காத்திருந்த பிறகுதான் இந்தப் புகாரை எடுத்துக்கொள்வார்கள். நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முத்திரை வாங்கிய பிரதி இங்கேதான் உதவும். இதே விவகாரம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நடந்துகொண்டிருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கேயும் கட்டணமில்லை. ஆனால் ஆயிரம் ரூபாய்க்காகச் சூலக்கரையிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வர முடியாது. அதனால் குறைதீர்ப்பாளர் வழியே முதலில் பொருத்தமானது என்று நினைக்கிறேன்.

தள்ளிப்போடாமல் எழுத வேண்டியதற்கு வரியும் ஒரு காரணம். கட்டணத்தைத் திருப்பினால் அதன்மேல் வாங்கிய ஜி.எஸ்.டி.யையும் வங்கி திருப்ப வேண்டும். அதற்கு வரவுக் குறிப்பு எழுதி வங்கி தன் வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கட்டணம் எடுத்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அதற்குக் காலம். 2025 மார்ச்சில் பிடித்ததற்கு 2025 நவம்பர் 30, ஏப்ரலிலும் ஜூலையிலும் பிடித்ததற்கு 2026 நவம்பர் 30. அதற்குப் பிறகு கேட்டால், "கட்டணத்தைத் தருகிறோம், வரி அரசுக்குப் போய்விட்டது" என்று சொல்ல வங்கிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கடிதத்தில் கட்டணத்தையும் வரியையும் தனித்தனியாக எழுதியது இதற்காகத்தான். பணம் வந்ததாகச் சொன்னதும் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள். 886.48 மட்டும் வரவாகியிருந்தால் வரி இன்னும் வரவில்லை. 159.57 பாக்கி என்று, முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, இன்னொரு சிறு கடிதம் கொடுக்க வேண்டும்.